மிச்சம் இருக்கிறதா? தூண் சிற்பங்களை வாசிக்கத் தாத்தா சொல்லித்தந்த முறை

என் தாத்தா கல் சிற்பி. கோயில் திருப்பணிகளுக்குத் தூணும் போதிகையும் செதுக்கிக் கொடுத்தே வாழ்ந்தவர். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, முழுப் பரீட்சை விடுமுறையில், எங்கள் ஊர்ச் சிவன் கோயிலின் முன்மண்டபத்துக்கு என்னைத் தினமும் அழைத்துப் போனார். அங்கே இருபத்து நான்கு தூண்கள் உண்டு. அவர் எனக்குக் காட்டியது ஒன்றே ஒன்றைத்தான். அந்த ஒரு தூணை வாசித்து முடிக்க எங்களுக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. முடித்தோம் என்று கூடச் சொல்ல முடியாது. ஒரு படம் பாக்கி நின்றது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கோயிலுக்குப் போகிறவர்கள் தூண்களைக் கடந்துதான் போகிறார்கள். நின்று பார்க்க ஆசைப்படுகிறவர்களும் இரண்டு நிமிடத்தில் "யாரோ சாமி, யாரோ முனிவர்" என்று நகர்ந்துவிடுகிறார்கள். எங்கே தொடங்குவது என்று யாரும் சொல்லிக் கொடுக்காததுதான் காரணம். தாத்தா எனக்குச் சொல்லிக் கொடுத்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் விஜயநகர, நாயக்கர் காலத்தில் எழுந்த எந்த மண்டபத்திலும் இந்த முறையை வைத்துக்கொண்டு நீங்கள் தொடங்கலாம்.

வெளிச்சத்தைப் பார்த்துப் போங்கள்

முதல் நாள் நாங்கள் உச்சி வேளைக்குச் சற்று முன்னால் போனோம். தூண் முழுக்கக் கறுப்பாக இருந்தது. "என்ன தெரிகிறது?" என்று கேட்டார். "ஒன்றும் தெரியவில்லை" என்றேன். "சரி, வா" என்று வீட்டுக்குத் திரும்ப அழைத்து வந்துவிட்டார். மறுநாள் காலை ஏழு மணிக்கு அதே தூணின் முன் நிறுத்தினார். கிழக்கிலிருந்து வெயில் சாய்ந்து விழுந்தது. முந்தைய நாள் வெறும் கல்லாக இருந்த இடத்தில் விரல்களும் வில்லும் ஒரு நாயின் காதும் எழுந்து நின்றன.

தூண் சிற்பம் ஆழமாக வெட்டப்பட்டதல்ல. பல இடங்களில் விரல் கனம் கூட எழும்பியிருக்காது. நேராக விழும் வெளிச்சத்தில் அது தட்டையாகிவிடும். பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகிற வெளிச்சத்தில்தான் ஒவ்வொரு மேடும் தன் நிழலைக் காட்டும். ஆகவே காலை ஏழிலிருந்து ஒன்பது வரை அல்லது மாலை நடை திறந்த பிறகு போங்கள். உள்ளே இருட்டான மண்டபமாக இருந்தால் சின்ன டார்ச் விளக்கு ஒன்று போதும். அதைச் சிற்பத்துக்கு எதிரே பிடிக்காதீர்கள். தூணின் ஓரத்தில், கல்லை ஒட்டினாற்போல் பிடித்து, மெல்ல மேலும் கீழும் நகர்த்துங்கள். தாத்தா காலத்தில் எங்களிடம் டார்ச் கிடையாது. எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கொண்டு வந்து வெயிலைத் திருப்பி விடுவார்.

கோடுகள் தெரியவில்லை என்று சுண்ணாம்பையோ மாவையோ எண்ணெயையோ பூசவே கூடாது. எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஏறி இறுகினால் கண் இமையும் நகமும் அடைபட்டுப் போகும். ஏற்கெனவே அப்படி அடைபட்ட தூண்களும், சுத்தம் செய்கிறோம் என்று மணலை வீசி அடித்ததில் கோடுகள் மழுங்கிய தூண்களும் நிறைய உண்டு. அப்படிப்பட்ட தூணில் தொடங்கினால் உங்களுக்குச் சலிப்புத்தான் வரும். மூக்கு நுனியும் விரல் இடுக்கும் கூர்மையாக இருக்கிற ஒரு தூணைத் தேடிப் பிடியுங்கள்.

தூணுக்குக் கட்டம் போடுங்கள்

மூன்றாம் நாள் தாத்தா என் நோட்டில் ஒரு கட்டம் போட்டார். மேலிருந்து கீழாக மூன்று வரிசை, குறுக்கே நான்கு பத்தி, ஆக மொத்தம் பன்னிரண்டு அறை.

காரணம் தூணின் அமைப்பிலேயே இருக்கிறது. இந்த மண்டபங்களில் அதிகம் காணப்படும் தூண், அடியில் ஒரு சதுரம், நடுவில் ஒரு சதுரம், மேலே ஒரு சதுரம் என்று மூன்று சதுரங்கள் கொண்டது. சதுரங்களுக்கு இடையே எட்டுப் பட்டையாகவோ பதினாறு பட்டையாகவோ செதுக்கிய பகுதி இருக்கும். அதைக் கட்டு என்பார்கள். சதுரம் பட்டையாக மாறுகிற மூலைகளில் படம் எடுத்த பாம்பு போல் ஓர் அலங்காரம் தெரிந்தால் அது நாகபந்தம். உச்சியில், உத்தரத்தைத் தாங்கிக்கொண்டு வாழைப்பூ மொட்டுப் போல் தொங்குவது போதிகை. மொட்டு நன்றாக வளர்ந்து தொங்கினால் நீங்கள் விஜயநகர அல்லது நாயக்கர் கால மண்டபத்தில் நிற்கிறீர்கள் என்று பெரும்பாலும் நம்பலாம்.

ஒரு சதுரத்துக்கு நான்கு முகம், மூன்று சதுரத்துக்குப் பன்னிரண்டு படம். நோட்டில் கட்டம் போட்டு, எந்தப் பத்தி கிழக்கு முகம், எது தெற்கு முகம் என்று தலைப்பில் எழுதிவிடுங்கள். இதைச் செய்யாமல் செல்போனில் படம் மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால், வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதே தெரியாது. பக்கத்தில் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பது வாலி கதைக்கு வரும்போது விளங்கும். படம் எடுக்கலாமா என்று கோயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் அனுமதி இல்லை. நோட்டில் வரைவதை எங்களை யாரும் தடுத்ததில்லை.

பன்னிரண்டும் சேர்ந்து ஒரே கதை என்று எதிர்பார்க்க வேண்டாம். புதிதாகப் பார்க்கிறவர்கள் முதலில் இடறுகிற இடம் இது. எங்கள் தூணில் ஐந்து படங்களில் கதையே இல்லை. ஒன்றில் கொடிச் சுருள், ஒன்றில் யாளி, இரண்டில் ஆடும் பெண்கள். ஐந்தாவதில் இடுப்பில் குத்துவாளோடு, கொண்டையை ஒரு பக்கம் சாய்த்து முடிந்து, கும்பிட்டபடி நிற்கும் ஓர் ஆண். அவரை நான் ஏதோ முனிவர் என்று எழுதினேன். "முனிவருக்குக் குத்துவாள் எதற்கு?" என்று கேட்டார் தாத்தா. வாளும் கும்பிட்ட கையும் சேர்ந்து வந்தால் அவர் பெரும்பாலும் திருப்பணிக்குக் கொடுத்த தலைவர். அந்த ஐந்து அறைகளிலும் ஒரு புள்ளி வைத்துவிட்டு, மீதி ஏழை எடுத்துக்கொண்டோம்.

முகத்தைப் பார்க்காதீர்கள், கையையும் காலையும் பாருங்கள்

ஒரு சாண் சதுரத்துக்குள் மூன்று பேரைச் செதுக்கும்போது முகம் கட்டைவிரல் நகம் அளவுதான் வரும். அந்த முகத்தில் யாரென்று எழுதியிருக்காது. எல்லா முகமும் ஒன்றுபோலவே இருக்கும். பல நூறு வருடங்களாகக் கை பட்டுத் தேய்ந்திருப்பதும் அதுதான். யாரென்று சொல்பவை கைகள்.

தாத்தா கொடுத்த முதல் கணக்கு இது. நான்கு கை தெரிந்தால் பின்கைகள் இரண்டையும் பார். மழுவும் மானும் இருந்தால் சிவன். சங்கும் சக்கரமும் இருந்தால் திருமால். இரண்டே கை என்றால், பூமியில் நடக்கிற கதை: இராமன், கண்ணன், அடியார், அரசர், வேடர். இதற்கு விலக்குகள் உண்டு. ஆனாலும் முதல் தூணுக்கு இது போதும்.

இப்போது எங்கள் தூணின் கிழக்கு முகம், நடுச் சதுரம். இதை வாசித்த காலையை நான் இன்றும் மறக்கவில்லை.

ஒரு லிங்கம் இருந்தது. அதன் முன்னால் ஒருவன், தாடியோடு, தலைமுடியை உச்சியில் முடிந்து, தன் காலைத் தூக்கி லிங்கத்தின் மேலேயே வைத்திருந்தான். காலில் செருப்பு வேறு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தாத்தா, இவன் கெட்டவன். சாமியை மிதிக்கிறான்" என்றேன்.

தாத்தா மறுக்கவில்லை. "கால் சொல்வதைக் கேட்டாய். கை என்ன சொல்கிறது?" என்றார்.

அவன் வலது கையில் குச்சி போல் ஒன்று இருந்தது. ஈட்டி என்று நினைத்து, அதன் முனை லிங்கத்தை நோக்கி இருக்கும் என்று தேடினேன். இல்லை. முனை அவன் முகத்தை நோக்கியே திரும்பியிருந்தது. அது ஓர் அம்பு. அவன் தன் கண்ணிலேயே அதை ஊன்றிக்கொண்டிருந்தான்.

"வேறென்ன மிச்சம்?" என்றார் தாத்தா.

லிங்கத்தின் பக்கத்திலிருந்து ஒரு சின்ன மேடு அவனை நோக்கி நீண்டிருந்தது. எவர்சில்வர் தட்டை அவர் சற்றே சாய்த்ததும் அந்த மேட்டின் நுனியில் ஐந்து கோடுகள் தெரிந்தன. அது ஒரு கை. லிங்கத்துக்குள்ளிருந்து வெளியே வந்து, நிறுத்து என்கிற கை.

பிறகுதான் கதையைச் சொன்னார். காளத்தி மலையில் லிங்கத்தின் ஒரு கண்ணில் இரத்தம் வடிந்ததும் திண்ணன் என்ற வேடர் தம் கண்ணை அம்பால் எடுத்து அப்பினார். மற்றக் கண்ணிலும் இரத்தம் வந்தது. இன்னொரு கண்ணையும் எடுத்துவிட்டால் எந்த இடத்தில் அப்புவது என்று தெரியாதே என்று அடையாளத்துக்காக இடது காலை அந்தக் கண்ணின் மேல் ஊன்றினார். அப்போது இறைவனின் கை வந்து தடுத்தது. பெரியபுராணம் பாடுகிற கண்ணப்ப நாயனார் கதை. கதையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். மிதித்த கால் இப்போது மிதிக்கவில்லை. கல்லில் எதுவும் மாறவில்லை. அந்தக் காலை நான் பார்த்த விதம் மாறிவிட்டது.

தாத்தா கதையை முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்கு அந்தக் கை கண்ணில் பட்டிருக்காது. அதனால்தான் நானும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: பெயரை முதலில் தேடாதீர்கள். யாராவது பக்கத்தில் வந்து "அது கண்ணப்பர்" என்று சொன்னாலும், ஒரு நிமிடம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டுக் கையையும் காலையும் எழுதி முடியுங்கள்.

லிங்கம் உள்ள படங்கள் தூண்களில் ஏராளம். அவற்றைப் பிரிக்க ஒரு கேள்வி போதும்: லிங்கத்தைத் தொடுவது யார், எதனால்? கால் பட்டிருந்தால் கண்ணப்பர். ஒரு சிறுவன் இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டிருந்தால் மார்க்கண்டேயன். பக்கத்தில் பாசக் கயிற்றோடு எமன் இருப்பான். பசுவின் மடி லிங்கத்துக்கு நேர் மேலே இருந்தால், பசு தானாகப் பால் சொரிந்த கதை. இந்தக் கடைசிக் கதை பல ஊர்களின் தலபுராணத்தில் வருவதால், எந்த ஊர்ப் பசு என்பதைத் தூண் சொல்லாது. அந்தக் கோயிலில்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மிச்சம்

தாத்தா ஒவ்வொரு படத்துக்கும் கடைசியில் கேட்ட கேள்வி, "மிச்சம் இருக்கிறதா?" என்பதுதான். நீ சொன்ன கதையில் சேராத ஒரு மேடு, ஒரு கோடு படத்தில் எங்காவது உண்டா? இருந்தால் நீ சொன்னது தப்பு, அல்லது அரைகுறை.

இது ஏன் சரியான சோதனை என்பது அவர் வேலை செய்வதைப் பார்த்த பிறகு எனக்குப் புரிந்தது. களிமண்ணில் பொம்மை செய்கிறவர் நினைத்தபோது ஒரு காதை ஒட்டலாம். கல்லில் ஒட்ட முடியாது. முதலில் கல்லின் முகத்தைச் சமனாக்கி, காவியில் நனைத்த நூலைத் தட்டிக் கோடு போட்டு, படத்தை வரைந்துகொள்வார். பிறகு படம் இல்லாத இடத்தையெல்லாம் உளியால் வெட்டி எடுப்பார். எது எழும்பி நிற்கிறதோ அது வெட்டாமல் விட்ட கல். ஒரு நாய் வேண்டுமென்றால், நாய் வரப்போகிற இடத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைத்து, சுற்றிலும் குடைந்துகொண்டே வரவேண்டும். கருங்கல்லில் உளி விரைவில் முனை மழுங்கும். அதைப் பழுக்கக் காய்ச்சி அடித்துத் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவு பாடுபடுகிறவர் அர்த்தமில்லாமல் ஒரு மேட்டை விட்டு வைக்க மாட்டார்.

விட்டு வைக்கிற இடங்களும் இரண்டு மூன்று உண்டு. அவற்றைத் தெரிந்துகொள்ளாவிட்டால் இல்லாத கதையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். தூக்கிய கைக்கும் தலைக்கும் நடுவே, உடலை விட்டுத் தனியாக நிற்கும் வாளுக்குப் பின்னால், கல் முறியாமல் இருக்கச் சற்று ஒட்டுக் கல்லை விடுவார்கள். அதற்கு வடிவம் இருக்காது. இரண்டு உறுப்புகளை இணைக்கும், அவ்வளவுதான். மேல் மூலைகளில் வெறும் இலையும் பூவும் வந்தால் அது இடத்தை நிரப்புவது. சில சதுரங்கள் பாதியிலேயே நிற்கும்: உருவத்தின் சுற்றுக்கோடு இருக்கும், உள்ளே கண்ணோ நகையோ இருக்காது. அது தேய்ந்ததா, முடிக்காததா என்று எப்படிச் சொல்வது? தேய்ந்த கல் வழவழப்பாக இருக்கும். முடிக்காத கல்லில் உளி கொத்திய புள்ளிகள் அம்மைத் தழும்பு போல் அப்படியே தெரியும்.

பக்கத்துச் சதுரம், பக்கத்துத் தூண்

எங்கள் தூணின் அடிச் சதுரத்தில், வடக்கு முகத்தில், இரண்டு குரங்குகள் ஒன்றையொன்று கட்டிப் பிடித்துச் சண்டையிட்டன. வாலியும் சுக்கிரீவனும் என்று உடனே சொல்லிவிட்டேன். தாத்தா "மிச்சம்?" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன. இதில் யார் வாலி?"

நன்றாகப் பார்த்தபோது, இடப்பக்கக் குரங்கின் கழுத்தில் மட்டும் தடித்த கயிறு போல் ஒன்று தொங்கியது. அங்கேதான் அவர் எனக்கு ஒரு படம் கதையின் எந்த நொடியில் நிற்கிறது என்று கேட்கக் கற்றுத்தந்தார். வாலியும் சுக்கிரீவனும் இரண்டு முறை மோதுகிறார்கள். முதல் முறை, இருவரும் ஒரே சாயலில் இருந்ததால் யார் மேல் அம்பு விடுவது என்று தெரியாமல் இராமன் நின்றுவிட்டான். அடிபட்டுத் திரும்பிய சுக்கிரீவனுக்கு அடையாளமாகப் பூங்கொடியை மாலையாகப் போட்டு மறுபடி அனுப்பினார்கள். அப்படியானால் மாலை போட்டவன் சுக்கிரீவன். மாலை இருக்கிறது என்றால் இது இரண்டாம் சண்டை. இரண்டாம் சண்டை என்றால் அம்பு கிளம்பப் போகிறது. "எங்கிருந்து?" என்றார்.

நான் தூணைச் சுற்றிக்கொண்டு மேற்கு முகத்துக்கு ஓடினேன். அங்கே ஒருவன் வில்லை வளைத்து நின்றான். அந்தச் சதுரத்தை முந்தைய நாள் "வில் வைத்திருக்கும் வீரன்" என்று எழுதியிருந்தேன். தனியாகப் பார்த்தபோது அவன் யாரோ ஒருவன். பக்கத்து முகத்தைப் பார்த்த பிறகே இராமனானான். மூலைக்கு அந்தப் பக்கம் குரங்குகள், இந்தப் பக்கம் அவன். குரங்குகளுக்கு எதிரே நின்று பார்த்தால் அவன் கண்ணில் படவே மாட்டான்.

படங்களை எந்த வரிசையில் படிப்பது என்று பலர் கேட்கிறார்கள். வலம் வருகிற திசையில் படித்துப் பாருங்கள், பல தூண்களில் அது பொருந்தும். பொருந்தாவிட்டால் எதிர்த் திசையிலோ கீழிருந்து மேலாகவோ முயலுங்கள். எல்லாத் தூணுக்கும் செல்லும் ஒரே விதி கிடையாது. ஒரு படத்தில் ஓர் உருவம் சட்டகத்துக்கு வெளியே எதையோ பார்க்கிறது அல்லது குறிவைக்கிறது என்றால், அந்தத் திசையில் அடுத்துள்ள முகத்தைப் பாருங்கள் என்பதே தாத்தா சொன்ன வழி.

அந்த விடுமுறை முடிவதற்குள் ஒரு நாள் சேலத்திலிருந்து பஸ்ஸில் தாரமங்கலத்துக்கு அழைத்துப் போனார். அங்குள்ள கைலாசநாதர் கோயில், அந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலியார்கள் திருப்பணி செய்தது. எங்கள் ஊர்த் தூணில் இரண்டு முகங்களில் இருந்த கதை அங்கே இரண்டு தூண்களில், ஆள் உயரச் சிற்பங்களாக நிற்கிறது. ஒன்றில் வில்லோடு இராமன். தள்ளி இன்னொன்றில் வாலியும் சுக்கிரீவனும். தாத்தா ஒன்றும் சொல்லாமல் என்னை வாலிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "இராமன் எங்கே, காட்டு" என்றார். காட்ட முடியவில்லை. பிறகு கையைப் பிடித்து இராமன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கிருந்து வாலி தெளிவாகத் தெரிந்தான்.

"மறைந்து நிற்க மரம் செதுக்க வேண்டும் என்று நாம் நினைப்போம். இவர்களுக்கு மண்டபமே காடு" என்றார். அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. தம் தொழிலில் தமக்கு முன்னால் நின்றவர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அப்படித்தான் ஆகும்.

தாரமங்கலத்துக்குப் போகிறவர்கள் இதை வழிகாட்டி சொல்லிக் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். நீங்களே இரண்டு இடத்திலும் நின்று பாருங்கள். பெரிய சிற்பங்கள் உள்ள எந்த மண்டபத்திலும் இப்படி எதிரே, குறுக்கே உள்ள தூண்களோடு சேர்த்துப் பார்ப்பது நல்ல பழக்கம். ஒரு தூணில் மன்மதன் கரும்பு வில்லோடு நின்றால், இரதி எங்கோ பக்கத்தில் இருப்பாள்.

எழுதுவதும் கேட்பதும்

ஒவ்வொரு அறையிலும் முதலில் பார்த்ததை எழுதுங்கள், பிறகு பெயரை, கடைசியில் மிச்சத்தை. "தாடி, உச்சிக் கொண்டை, இடது கால் லிங்கத்தின் மேல், அம்பு தன் கண்ணில், லிங்கத்திலிருந்து கை" என்று எழுதிய பிறகு "கண்ணப்பர்" என்று எழுதினால், பின்னால் தவறு தெரிந்தாலும் பார்த்தது வீணாகாது. பெயரை மட்டும் எழுதி அது தப்பாகிவிட்டால் மறுபடி கோயிலுக்கு நடக்க வேண்டியதுதான்.

எழுதி முடித்த பிறகு கேளுங்கள். குருக்கள், ஓதுவார், பூக்கட்டும் பெரியவர், யாரிடமும் கேட்கலாம். தலபுராணப் புத்தகம் கோயிலில் விற்றால் வாங்கிக்கொள்ளுங்கள். ஊரார் சொல்லும் பெயரும் படத்தில் உள்ளதும் பொருந்தாமல் போவதுண்டு. எங்கள் மண்டபத்தில் ஒரு தூணில் கீழ்ப்பாதி புலிக்கால்களோடு கும்பிட்டு நிற்பவரை எங்கள் ஊரில் "நரசிம்மர்" என்றே வணங்கி வந்தார்கள். மனித முகமும் புலிக்காலும் தாடியும் சேர்ந்தால் அவர் புலிக்கால் முனிவர், வியாக்கிரபாதர். தாத்தா என்னிடம் அதைச் சொன்னாரே தவிர, விளக்கேற்றிக் கொண்டிருந்த பாட்டியிடம் போய்த் திருத்தவில்லை. நோட்டில் இரண்டு பெயரையும் எழுதச் சொன்னார்.

சிவன் கோயில் தூணில் கண்ணனும் இராமனும் எப்படி வந்தார்கள் என்று தயங்க வேண்டாம். அந்தக் காலத்து மண்டபங்களில் அது சாதாரணம். எங்கள் பாக்கிப் படமும் அப்படி ஒன்றுதான்.

தெற்கு முகம், நடுச் சதுரம். தவழும் குழந்தை ஒன்று. கண்ணன் என்று எழுதினேன், வெண்ணெய் உண்ணும் கண்ணன் என்று. ஆனால் கையில் வெண்ணெய் இல்லை. குழந்தைக்குப் பின்னால் உருண்டையாக ஒரு மேடு. குழந்தைக்கு இருபுறமும் செங்குத்தாக இரண்டு தடிப்புகள். தட்டைப் பிடித்துப் பார்த்தோம், ஈரத் துணியால் தூசியைத் துடைத்துப் பார்த்தோம், விளங்கவில்லை. தாத்தாவுக்கு ஓர் ஊகம் இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அன்று அவர் சொல்லவில்லை. "மிச்சம்: மேடு ஒன்று, தடிப்பு இரண்டு" என்று என் நோட்டில் அவரே எழுதி வைத்தார்.

பதினேழு வருடம் கழித்து, அவர் போன பிறகு வந்த முதல் மார்கழியில், திருப்பள்ளியெழுச்சி முடிந்து அந்த மண்டபத்தில் நின்றிருந்தேன். நாங்கள் தூணைப் படித்தது சித்திரை, வைகாசியில். அப்போது சூரியன் வடக்கே சாய்ந்தே எழும்; தெற்கு முகத்தில் வெயிலே விழாது. மார்கழியில் அது தென்கிழக்கே எழுகிறது. அந்தக் காலை வெயில் தெற்கு முகத்தின் மேல் உரசிக்கொண்டு போனது. குழந்தையின் இடுப்பிலிருந்து பின்னால் இருந்த மேடு வரைக்கும் நூல் கனத்தில் ஒரு கோடு ஓடியது. கயிறு. அப்படியானால் மேடு உரல். இருபுறமும் நின்ற தடிப்புகள் மருத மரங்கள். யசோதை உரலில் கட்டிப்போட்ட கண்ணன், உரலை இழுத்துக்கொண்டே இரண்டு மரங்களுக்கு நடுவே தவழ்ந்து போகிறான். மரங்கள் முறியப் போகின்றன.

பழைய நோட்டைத் தேடி எடுத்து, அவர் கையெழுத்தில் இருந்த "மேடு ஒன்று" என்பதற்குப் பக்கத்தில் "உரல்" என்று எழுதினேன். "தடிப்பு இரண்டு" என்பதற்குப் பக்கத்தில் "மருத மரம்". இடப்பக்க மரத்தின் உச்சியில் கடலை அளவுக்கு ஒரு புடைப்பு இருக்கிறது. அந்த மரங்களுக்குள் சாபத்தால் அடைபட்டுக் கிடந்த குபேரனின் மகன்களில் ஒருவனின் தலையாக இருக்கலாம். வலப்பக்க மரத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. மிச்சம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.